ராட்டினத்தில் என் முதுகைத் தள்ளியது எது?

கேள்வி: ராட்டினத்தில் சுற்றும்போது யாரோ நம்மை வெளியே தள்ளுவது போலத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் விசை மையத்தை நோக்கி என்று போட்டிருக்கிறார்கள். உடம்பு பொய் சொல்கிறதா, புத்தகமா?

உடம்பு பொய் சொல்லாது. அது சொன்னதை நாம் தப்பாக எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இதைப் புரியவைத்தவர் ஆறாம் வகுப்பு அறிவியல் டீச்சர். அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்ப் பூங்காவில் கையால் தள்ளிச் சுற்றும் இரும்பு ராட்டினம் ஒன்று இருந்தது. நடுவில் தூண், சுற்றிலும் வட்டமான தகரத் தளம், விளிம்பில் இடுப்பு உயரத்துக்குக் கம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூணைப் பார்த்து உட்கார்ந்து, முதுகைக் கம்பியில் சாய்த்துக்கொண்டேன். பெரிய பையன்கள் இரண்டு பேர் வெளியே நின்று வேகமாகச் சுற்றிவிட்டார்கள். முதுகு கம்பியோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் குனிந்து தூணைப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இறங்கியதும் வாந்தி. அது வேறு கதை.

மறுநாள் வகுப்பில் டீச்சர் வட்ட இயக்கம் பற்றிச் சொன்னபோது நான் எழுந்துவிட்டேன். "டீச்சர், உள்ளேன்னு சொல்லுதீங்க. நேத்து என்ன வெளியதான் தள்ளுச்சு."

டீச்சர் அதட்டவில்லை. பக்கத்தில் கூப்பிட்டார். "எலே, முன்னால நின்னு ஒருத்தன் உன்ன பின்னால தள்ளினா, அவன் கை உன் மேல எங்க படும்?"

"நெஞ்சுல டீச்சர்."

"நேத்து உனக்கு எங்க அழுத்துச்சு?"

"முதுகுல."

"முதுகுல என்ன இருந்துச்சு?"

"கம்பி."

"கம்பி முதுகப் பிடிச்சு அழுத்தினா, உன்ன எந்தப் பக்கம் தள்ளுது?"

முன்பக்கம். என் முன்னால் இருந்தது தூண். பதில் தெரிந்துவிட்டது, ஆனால் வாயில் வரவில்லை. வெளியே தள்ளுகிற விசை ஒன்று உண்மையிலேயே என்னைத் தொட்டிருந்தால் என் நெஞ்சில் அல்லவா பட்டிருக்க வேண்டும்? அங்கே காற்றைத் தவிர எதுவும் இல்லை.

"அப்ப ஏன் டீச்சர் வெளிய போற மாதிரி இருந்துச்சு?" என்று முன் வரிசையில் ஒரு பெண் கேட்டாள். டீச்சர் அவளிடமே ஒரு பிளாஸ்டிக் வளையலைக் கழற்றித் தரச் சொன்னார். மேசை டிராயரில் எங்களிடம் பிடுங்கி வைத்திருந்த கோலிக்குண்டுகளில் ஒன்றை எடுத்தார். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டித் தூளைப் பரப்பி, வளையலை அதன் மேல் வைத்து, கோலியை உள்ளே போட்டு, வளையலைத் தரையை விட்டுத் தூக்காமலே வட்டமாக ஆட்டினார். கோலி வளையலின் உள்சுவரை ஒட்டிச் சரசரவென்று ஓடியது.

"கோலி கரும்பலகைப் பக்கம் வரும்போது வளையலத் தூக்கப்போறேன். எங்க போகும்?"

கரும்பலகையை நோக்கி என்று நான் சொன்னேன். வெளியே தள்ளுகிற விசை இருந்தால் மையத்தை விட்டு நேராக விலகித்தானே ஓட வேண்டும்? வட்டமாகவே இன்னும் கொஞ்ச தூரம் போகும் என்றது ஒரு கூட்டம். முதல் தடவை தூக்கும்போது கோலி வளையலில் இடித்துக்கொண்டது. இரண்டாவது தடவையும் சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை டீச்சர் சட்டென்று நேர் மேலே தூக்கினார். கோலி கரும்பலகைப் பக்கமே போகவில்லை. அதற்குப் பக்கவாட்டில், வாசலைப் பார்த்து நேர்கோட்டில் ஓடியது. சுண்ணாம்புத் தூளில் அது போன தடம் பளிச்சென்று தெரிந்தது. வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டுப் போகிற கோடு, அதாவது தொடுகோடு.

கோலிக்கு வெளியே போகும் ஆசை கிடையாது. இருக்கிற திசையில் நேராகப் போகப் பார்க்கிறது, அவ்வளவுதான். வளையலின் சுவர் ஒவ்வொரு கணமும் அதை உள்ளே தள்ளித் திருப்பிக்கொண்டே இருக்கிறது. நானும் நேராகப் போகப் பார்த்தேன், கம்பி திரும்பி வந்து என் முதுகில் மோதிக்கொண்டே இருந்தது. அந்த மோதலைத்தான் வெளியே தள்ளுவதாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது, எடை 25 கிலோ. போன மாதம் அவளை ராட்டினத்தில் ஏற்றி, செல்போனில் நேரம் பார்த்தேன். தூணிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தாள், ஒரு சுற்றுக்கு 4 விநாடி. ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 9.4 மீட்டர், ஆக வேகம் விநாடிக்கு 2.36 மீட்டர். மையநோக்கு விசைக்கான சூத்திரம்:

F = m × v² / r = 25 × 2.36² / 1.5 ≈ 93 N

ஒன்பதரை கிலோ எடையைத் தாங்கும்போது கையில் தெரிகிற அழுத்தம். கம்பி அவ்வளவு விசையோடு அவள் முதுகைத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது (இதில் கொஞ்சத்தைத் தளத்தின் உராய்வும் பகிர்ந்துகொண்டிருக்கும்). ஒரு சுற்றை 2 விநாடியில் முடிக்கிற மாதிரி சுற்றிவிட்டால் வேகம் இரண்டு மடங்குதான், விசையோ நான்கு மடங்கு, 370 நியூட்டன். இது அவளுடைய எடையை விடவே அதிகம். பிள்ளைகள் கை நழுவுவது இந்த இடத்தில்தான். அதே 4 விநாடிச் சுற்றில் தூணிலிருந்து அரை மீட்டரில் உட்கார்ந்தால் 31 நியூட்டன் போதும். சின்னப் பிள்ளைகளை நடுவில் உட்கார வைப்பது இதனால்தான்.

மையவிலக்கு விசை என்ற சொல்லும் புத்தகத்தில் இருக்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். ராட்டினத்தோடு சேர்ந்து சுற்றுகிறவளின் பார்வையில் அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் முதுகில் கம்பி தள்ளுகிறது. தள்ளியும் ஏன் நகரவில்லை? அந்தக் கணக்கை நேர் செய்ய, வெளியே 93 நியூட்டன் என்று ஒரு போலி விசையைச் சேர்த்துக்கொள்கிறோம். சுற்றுகிறவர் பார்வையில் போடும் கணக்கில் அது செல்லும். தரையில் நிற்கிற எனக்கு அது தேவையில்லை. தேர்வில் பையன்கள் மாட்டிக்கொள்வது இரண்டு பார்வைகளையும் ஒரே படத்தில் கலக்கும்போது. உள்ளே ஓர் அம்பு, வெளியே ஓர் அம்பு, இரண்டும் சமம், அதனால் வட்டமாகச் சுற்றுகிறது என்று எழுதுவார்கள். தரையிலிருந்து பார்க்கும்போது இரண்டும் சமம் என்றால் மொத்த விசை பூஜ்ஜியம். அப்புறம் அது எப்படி வட்டமாகச் சுற்றும்? நேராக அல்லவா போய்விடும்!

அன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. மணி அடித்த பிறகு டீச்சர் பின்னாலேயே போய்க் கேட்டேன். "அப்ப வெளிய தள்ளுத விசை நெசமாவே எங்கயும் இல்லையா டீச்சர்?"

"இருக்குலே. கம்பி உன்ன உள்ள தள்ளுச்சுன்னா நீ கம்பிய வெளிய தள்ளுவ. அது கம்பி மேல இருக்கு, உன் மேல இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் போய் அந்தக் கம்பியப் பாரு."

போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் சாய்ந்து உட்காரும் இடங்களில் எல்லாம் கம்பி வெளிப்பக்கமாக லேசாகப் பிதுங்கியிருந்தது.