எழுதிய கதையும் களத்தில் நிற்கும் ஆளும்

"கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்தவன். அடுத்த மாதம் முப்படை அதிகாரிப் பணிக்கான எஸ்.எஸ்.பி. நேர்காணல். படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வுக்காகச் சில கதைகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அது உதவுமா? குழுப் பணிகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?"

உதவாது, பெரும்பாலும் கெடுதலே செய்யும். எந்தத் தேர்வு வாரியமானாலும், முதல் நாள் வடிகட்டலில் தேறியவர்களை உளவியலாளர், குழுப் பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி ஆகிய மூவர் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். கடைசி நாள் கூட்டத்தில்தான் அந்த மதிப்பீடுகள் ஒன்றாக வைக்கப்படுகின்றன. மனப்பாடக் கதை சிக்குவது அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆற்றங்கரையில் இருவர் நிற்கும் மங்கலான படம் 30 வினாடி காட்டப்படுகிறது. கதை எழுத 4 நிமிடம். வெள்ளத்தில் சிக்கிய ஊரையே காப்பாற்றி, கலெக்டரிடம் விருது வாங்கும் நாயகனை ஒருவர் எழுதுகிறார். படத்தில் வெள்ளமும் இல்லை, ஊரும் இல்லை. பிறகு களத்தில், பலகையும் மரக்கழியும் கயிறும் கொண்டு, சிவப்பு வண்ணம் பூசிய இடங்களைத் தொடாமல் குழு கடக்க வேண்டிய தடையின் முன், அவர் பின்வரிசையில் பேசாமல் நிற்கிறார். நேர்காணலுக்கு முன் நிரப்பிய விவரப் படிவத்திலும் எந்தப் பொறுப்பையும் ஏற்றதாக எழுதவில்லை. கதையில் தெரிந்த முன்முயற்சி மற்ற இருவரின் குறிப்புகளில் இல்லாதபோது, அந்தக் கதைக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

அதே படத்துக்கு, மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய வேளையில் மோட்டார் காயில் கருகிவிட, பக்கத்துத் தோட்டத்தாரிடம் ஒரு முறைத் தண்ணீர் கேட்டுப் பெற்று, மறுநாளே மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டுபோகும் இளைஞனை எழுதினால் கதை சிறியதுதான். ஆனால் பிரச்சினை, எடுத்த முடிவு, உதவி கேட்ட விதம், முடிவில் கிடைத்த பலன் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. அப்படிச் செய்து பழகியவர் களத்திலும், "கயிற்றால் பலகையை அந்தக் கம்பத்தில் கட்டினால் ஒருவர் கடக்கலாம்" என்று முன்வந்து சொல்வார். மூவரின் குறிப்புகளும் ஒரே ஆளைக் காட்டும். (இந்த மோட்டார் கதையையும் எல்லாப் படத்துக்கும் பொருத்திவிடாதீர்கள், 11 படங்களும் ஒரு வெற்றுத் திரையும் வரும்.)

எனவே கதைத் தாள்களை ஒதுக்கிவிட்டு, நாளிதழில் தலைப்பு தெரியாத படத்தை எடுத்து, 4 நிமிடத்தில் ஒரு கதை எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகு, "இதில் நாயகன் செய்ததைப் போன்ற ஒன்றை நான் அண்மையில் செய்திருக்கிறேனா?" என்று கேளுங்கள். இல்லையென்றால், கல்லூரியிலோ தோட்டத்திலோ ஒரு சிறு பொறுப்பை இப்போதே கையில் எடுங்கள். குழுப் பணியில் உங்கள் யோசனை பலிக்காவிட்டால், வாதாடாமல், அடுத்தவர் சொல்லும் நல்ல யோசனைக்குப் பலகையின் ஒரு முனையை நீங்களே பிடித்துக் கொடுங்கள். குழுப் பணி அதிகாரி அதையும் குறித்துக்கொள்கிறார்.