'வாங்கினான்' என்பதில் பணம் எங்கே?

> "குமார் மாலாவிடம் சைக்கிள் வாங்கினான்." இதில் பணமே வரவில்லை. பிறகு எப்படி அதைச் சட்டகத்தின் உறுப்பு என்கிறார்கள்?

சட்டகம் என்பது ஒரு சொல் கேட்பவர் மனதில் எழுப்பும் முழுக் காட்சி, அதில் பங்கேற்பவைதான் அதன் உறுப்புகள். அதனால் பணம் வாக்கியத்தில் இருக்கிறதா என்று தேடாதீர்கள், கேட்பவர் மனதில் எழும் காட்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வாக்கியத்தைச் சொன்னதும் யாராவது "எவ்வளவுக்கு?" என்று கேட்டால் எது எவ்வளவு என்று நீங்கள் திகைக்க மாட்டீர்கள், ஏனென்றால் பணம் ஏற்கெனவே காட்சிக்குள் வந்துவிட்டது. மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1970களில் இந்த வணிகக் காட்சியை வைத்துத்தான் விளக்கினார்: வாங்குபவர், விற்பவர், பொருள், பணம் என நான்கும் எப்போதும் உண்டு, வினைச்சொல் எதை முன்னே நிறுத்துகிறது என்பதுதான் மாறுகிறது. 'வாங்கு' என்றால் குமார் எழுவாய், மாலா '-இடம்' ஏற்று ஓரமாக நிற்கிறாள். 'விற்றாள்' என்றதும் அவள் எழுவாயாகிறாள், குமாருக்கு '-க்கு' வந்துவிடுகிறது. 'செலவழித்தான்' என்றால் பணம் செயப்படுபொருளாகிறது, மாலாவைச் சொல்ல இடமே இல்லை!

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு, அங்கேதான் பலர் தவறுகிறார்கள். "குமார் மாலாவிடம் பேனா வாங்கி எழுதினான்." இங்கே "எவ்வளவுக்கு?" என்று கேட்டால் விநோதமாக இருக்கும், "திருப்பிக் கொடுத்தானா?" என்பதுதான் இயல்பான கேள்வி. வேற்றுமை உருபுகள் அச்சாக அதேதான், ஆனாலும் இது பெறுதல் காட்சி, வணிகமே இல்லை. 'அடி வாங்கினான்' இன்னும் தூரம். அதனால் 'வாங்கு'வைப் பார்த்தவுடன் வணிகச் சட்டகம் என்று குறிக்காமல், ஒவ்வொரு வாக்கியத்திலும் முதலில் அந்த "எவ்வளவுக்கு?" கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.