மதுரை வெயிலில் பழகியவருக்கு வளைகுடா வெயில் என்ன செய்யும்?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மேலூர் பக்கம் சென்ட்ரிங் வேலை பார்த்தவன், அடுத்த மாதம் கத்தார் போகிறான். நல்ல திடமான பையன்கள்கூட அங்கே தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விடுகிறார்கள் என்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கும் 52 வயதில் மாரடைப்பு வந்தது. கத்திரி வெயிலிலேயே வேலை பார்த்தவனுக்கு அந்த வெயில் என்ன செய்துவிடும்?

பதில்:

எனக்கு ஊர் திருமங்கலம். வளைகுடாவில் கட்டுமான ஸைட்களில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்தவன். உங்கள் தம்பி சொல்லும் அதே தைரியத்தை நம் பக்கத்து ஆட்கள் எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை.

அங்கே ஆளைச் சாய்ப்பது வெயிலைவிட ஈரம். வேலைத்தளத்தில் வெப்பத்தை அளக்க டபிள்யூ.பி.ஜி.டி. என்று ஒரு அளவு வைத்திருக்கிறோம். அது மூன்று வெப்பமானிகளின் கூட்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலில் காயும் கறுப்பு உருண்டைக்கு 20 சதவீதம், செய்தியில் சொல்லும் காற்றின் வெப்பத்துக்கு வெறும் 10 சதவீதம். மதுரையில் ஒரு மே மாத மத்தியானத்தைக் கணக்குப் போடுவோம். காற்று 40 டிகிரி, ஈரத்துணி 25, கறுப்பு உருண்டை 50 என்றால் கூட்டு 31.5 வரும். இப்போது ஆகஸ்டில் வளைகுடாக் கடலோரம், பொழுது சாய்ந்த பிறகு. காற்று 34 டிகிரிதான், ஈரத்துணி 30, வெயில் இல்லாததால் உருண்டையும் 34. கூட்டு 31.2. சூரியனே இல்லாத நேரத்தில் மதுரை உச்சி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் இது இன்னும் ஏறும்.

நம் ஊரில் வேர்வை காய்கிறது, காயும்போது உடம்பின் சூட்டையும் கொண்டுபோகிறது. அங்கே அது சட்டை நுனியில் சொட்டும். சொட்டுகிற வேர்வையால் உடம்பு குளிராது, தண்ணீரும் உப்பும் போவது மட்டும்தான் மிச்சம்.

இதில் இதயம் எங்கே வருகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இதயம் தள்ளுகிறது. கடும் சூட்டில் உள்சூட்டை வெளியே தள்ளுவதற்காகத் தோலுக்கு மட்டுமே 7, 8 லிட்டர் வரை போகலாம். கம்பி தூக்கும் தசைகளும் அதே நேரத்தில் ரத்தம் கேட்கும். ஒரே மோட்டாரில் மாடித் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் ஒன்றாகத் தண்ணீர் ஏற்றுகிற கதைதான், அதுவும் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும்போது. வேர்வையாகப் போகும் நீரில் ஒரு பங்கு ரத்தத்திலிருந்து போகிறது. ரத்தத்தின் அளவு குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படுவது குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். உடல் எடையில் 1 சதவீதம் நீர் போனால் நிமிடத்துக்கு 3 முதல் 5 துடிப்பு கூடும்.

வேகமாக அடிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவே அது தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கும். ரத்தக்குழாய் சுத்தமாக இருப்பவர் தாங்கிக்கொள்வார். உள்ளே கொழுப்புப் படிந்து பாதி அடைத்திருப்பவருக்கு வேலை அதிகம், ரத்தம் குறைவு என்று ஆகிவிடும். நீர் வற்றிக் கெட்டியான ரத்தம் உறைவதும் சுலபம். பொட்டாசியம் முறை தவறினால் துடிப்பின் ஒழுங்கும் கெடும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாக, சராசரியாக 53 வயதிலேயே வருகிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2007-இல் காட்டியது. உங்கள் அப்பாவின் 52-ஐ அதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதெல்லாம் ஓர் ஆளிடம் எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், 44 வயது, கம்பி கட்டும் வேலை, வளைகுடாவில் பல வருடம் பழையவர். ஊரில் இரண்டு மாத லீவு முடித்து ஜூலையில் திரும்பினார். மறுநாளே போர்மேன் அவரை முழு வேலைக்கு ஏற்றிவிட்டார். காலை பத்து மணிக்கு முகம் வெளுத்துத் தெரிந்ததால் நிழலுக்குக் கூப்பிட்டேன். "நம்மூர் வெயில்ல கெடந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா தம்பி? ஒண்ணுமில்ல, விடுங்க" என்றார். தலைச்சுற்றல் இல்லை, நெஞ்சுவலி இல்லை, பேச்சும் தெளிவு. மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினேன். உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்து 132. மூன்றாவது நிமிடத்திலும் 118. ஓய்வெடுத்த முதல் நிமிடத்தில் 120-க்கு மேல் நின்றால் அந்த ஆளை அன்றைக்கு வெப்பத்தில் வைக்கக்கூடாது என்பது எங்கள் துறை வழக்கம். வேலை செய்யும்போதும் 180-இல் வயதைக் கழித்தால் வரும் எண்ணை, அவருக்கு 136-ஐ, துடிப்பு தொடர்ந்து சில நிமிடம் தாண்டக்கூடாது.

புது ஆட்களையும் லீவு முடித்து வந்தவர்களையும் காலையில் எடை பார்ப்பது அந்த ஸைட்டில் பழக்கம். காலையில் அவர் 70 கிலோ. பத்தரைக்குத் திரும்ப ஏற்றினால் 68.2. நடுவில் 2 லிட்டர் தண்ணீர் குடித்திருந்தார். ஆக, போன வேர்வை 3.8 லிட்டர், ஈடாகாமல் நின்றது 1.8 கிலோ, அதாவது இரண்டரை சதவீதத்துக்கு மேல். தண்ணீர் குடிக்கிறேனே என்று அவர் சொன்னது பொய்யில்லை, அது போதவில்லை. பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. லீவில் ஊரில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார், அதில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. வேர்வையில் ஒரு பக்கம், சிறுநீரில் ஒரு பக்கம். கிளினிக் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார். (தானாக மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து, அதைச் செய்யக்கூடாது.) முதல் நாள் பாதி வேலை, பிறகு நாளுக்கு நாள் கூட்டி நாலாம் நாள் முழு வேலை என்று திரும்ப ஆரம்பித்தோம். அடுத்த வாரம் அதே வேலை, அதே நேரம், முதல் நிமிடத் துடிப்பு 104.

வாரக்கணக்கில் வெயிலை விட்டு விலகினால் பழக்கம் கரைந்துவிடும். உங்கள் தம்பி விசாவுக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் மேலூர் சென்ட்ரிங் பலகையில் சம்பாதித்த தாங்குதிறனும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. திரும்ப வர ஏழு முதல் பதினாலு நாள் ஆகும். புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் ஒரு பங்கு கூட்டுவது அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. வெப்பச் சாவுகளில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நடக்கிறது. ஆனால் புதுசாக வந்தவன்தான் கடனை நினைத்து, போர்மேனிடம் பேர் வாங்க, எல்லோரையும்விட வேகமாக ஓடுவான்.

தண்ணீரைப் பொறுத்தவரை 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், சுமார் 240 மி.லி. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டியும் போகக்கூடாது, வெறும் தண்ணீரை அளவில்லாமல் ஊற்றினால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகும். சாப்பாடு ஒழுங்காக இருந்தால் உப்பு அதிலேயே கிடைத்துவிடும். சாப்பிட முடியாத நாளில் மோரோ ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ போதும். கேம்ப் கடைகளில் விற்கும் எனர்ஜி பானத்தைத் தொடவேண்டாம், ஏற்கெனவே ஓடும் இதயத்தை அது இன்னும் விரட்டும்.

தூக்கத்தில் இறப்பது பற்றிக் கேட்டீர்கள். எல்லாம் வெயிலால் என்று சொல்லமாட்டேன். சிகரெட், சர்க்கரை, பிறவியிலேயே இருக்கும் துடிப்புக் கோளாறு எல்லாம் உண்டு. ஆனால் 2019-இல் கார்டியாலஜி இதழில் கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 2009 முதல் 2017 வரையிலான 1,354 சாவுகளில் 571 இதயம் சம்பந்தப்பட்டதாகப் பதிவானவை. குளிர் மாதங்களில் சாவுகளில் 22 சதவீதம் இதயத்தால், வெப்ப மாதங்களில் 58 சதவீதம். சரியான வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் 200 பேர் வரை தப்பியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. பகலில் இழந்த நீரை ஈடுகட்டாமல், சூடான அறையில் படுத்தால் இதயத்துக்கு இரவிலும் ஓய்வு கிடையாது.

2021-இலிருந்து கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெளிவேலைக்குத் தடை. நான் சொன்ன அந்த டபிள்யூ.பி.ஜி.டி. அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தவேண்டும். முதலாவதைக் கடைப்பிடிப்பது சுலபம், கடிகாரம் எல்லோர் கையிலும் இருக்கிறது. இரண்டாவதற்கு ஸைட்டில் மீட்டர் வேண்டும், அதைப் படித்து நிறுத்தச் சொல்லும் தைரியமுள்ள ஆளும் வேண்டும். ஸைட்டில் அந்த மீட்டர் இருக்கிறதா என்று ஏற்கெனவே அங்கே இருப்பவரிடம் தம்பி விசாரிக்கட்டும், ஏஜென்ட்டிடம் கேட்டுப் பயனில்லை.

காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும். வெளிநாட்டு வேலைக்கு அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவருக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில் விபத்து மரணத்துக்குத்தான் 10 லட்சம். சான்றிதழில் "இயற்கை மரணம், இதயம் நின்றது" என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் வராது. இதயம் நிற்காமல் யாரும் சாவதில்லை, ஏன் நின்றது என்பதை யாரும் எழுதுவதில்லை. அதனால் இயற்கை மரணத்துக்கும் பணம் தரும் ஆயுள் காப்பீடு ஒன்றைத் தனியாக எடுத்துவிடுங்கள், 27 வயதில் பிரீமியம் குறைவு.

அப்பாவின் கதை இருப்பதால் விமானம் ஏறுமுன் ஒரு வேலை. வளைகுடா விசா மெடிக்கல் முக்கியமாகத் தொற்றுநோய்களைத் தேடுவது, அதில் தேறினால் இதயம் சரி என்று அர்த்தமில்லை. பி.பி., சர்க்கரையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். கூடவே கொழுப்புப் பரிசோதனை, இ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்தது என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ட்ரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். ஓட்டத்திலோ படி ஏறும்போதோ எப்போதாவது மயங்கி விழுந்திருந்தால் அதை மறைக்காமல் முதலில் சொல்லவேண்டும்.