கூட்டுத் தொடர்வரிசைக் கணக்குகள்: அந்த ‘கூட்டல் 1’ எங்கே போனது?

குளச்சல் மாணவர்: 40, 36, 32, … வரிசையின் 15-ஆவது உறுப்பு 96 என்று வருகிறது. சரியா?

வரிசை இறங்கிக்கொண்டே போகிறது, விடை மட்டும் எப்படி ஏறும்? இரண்டாம் உறுப்பிலிருந்து முதல் உறுப்பைக் கழித்தால்தான் d. இங்கே அது −4. அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுங்கள்: 40 + 14 × (−4) = −16.

தக்கலை வாசகர்: வாழைத் தோட்டத்தில் முதல் வரிசையில் 12 கன்று, அடுத்தடுத்த வரிசையில் 3 கூடுதல், கடைசி வரிசையில் 57. மொத்தம் 517.5 என்று வந்ததால் 518 என எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

எப்படித் தருவார்கள்? அரைக் கன்று வந்தபோதே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டாமா? 57 − 12 = 45, அதை 3-ஆல் வகுத்து 15 வரிசை என்று முடித்துவிட்டீர்கள். அந்த 15, மூன்று மூன்றாக ஏறிய தடவைகளின் எண்ணிக்கை. ஏறத் தொடங்குமுன்பே முதல் வரிசை நிற்கிறதே, அதை யார் எண்ணுவது? வேலியில் 15 இடைவெளி இருந்தால் கால்கள் 16. அதனால்தான் n = (l − a)/d + 1. இங்கே n = 16. கூடுதல் 16/2 × (12 + 57) = 8 × 69 = 552.

பின்னம் வந்து காட்டிக்கொடுக்கும் என்று எப்போதும் நம்பவும் முடியாது. கடைசி வரிசை 54 என்றால் சரியான n 15. நீங்கள் 14 என்று போட்டிருந்தால் 7 × 66 = 462 என முழு எண்ணே வரும், ஆனால் உண்மையான விடை 495. ஆகவே n கிடைத்ததும் அதை tn = a + (n − 1)d-இல் திரும்பப் போட்டுப் பாருங்கள். உங்கள் 15-ஐப் போட்டால் 12 + 14 × 3 = 54. கணக்கில் இருப்பதோ 57. ஒரு வரிசை விடுபட்டது அங்கேயே தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. எத்தனை முறை எழுதினாலும் இந்த ‘கூட்டல் 1’ மட்டும் விடுபட்டே வருகிறது!

மார்த்தாண்டம் வாசகர்: நாலாவது கணக்குக்கு விடை வரவில்லை, ஏன்?

எந்தத் தாளின் நாலாவது கணக்கு? கணக்கையும் நீங்கள் போட்ட வழியையும் எழுதி அனுப்புங்கள்.

தோவாளை மாணவி: Sn = 3n² + 2n எனில் S1 = 5, S2 = 16. ஆகவே d = 11 தானே?

இல்லை. 16 என்பது முதல் இரண்டு உறுப்புகளின் கூடுதல். இரண்டாம் உறுப்பு 16 − 5 = 11, எனவே d = 6, tn = 6n − 1. Sn வேறு, tn வேறு.

கருங்கல் ஆசிரியர்: 20 + 16 + 12 + … = 56 என்பதில் n = 4, n = 7 என இரண்டு விடை வருகின்றன. எதை அடிப்பது?

எதையும் அடிக்க வேண்டாம். முதல் நான்கு உறுப்புகளைக் கூட்டினாலே 56. அடுத்து வரும் 4, 0, −4 மூன்றின் கூடுதல் பூச்சியம், அதனால் ஏழுக்கும் அதே 56. கணக்கு மரக்கன்று, பணம் என்று இருந்தால் மட்டும் குறை எண் வரும் விடையை விட்டுவிடச் சொல்லுங்கள்.