நிர்வாகச் செலவு வரம்பு 10 சதவீதம்: எதில் 10?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்தின் புதிய திட்டத்துக்கு நேரடிச் செலவு 90 லட்சம், நிர்வாகச் செலவு 10 லட்சம், மொத்தம் 100 லட்சம். நிதி தருபவரின் வரம்பு 10 சதவீதம். எங்களைப் போன்ற நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் 15 சதவீதம்கூடக் காட்டுகின்றன. இப்படியே கையெழுத்துப் போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஒப்பந்தத்தில் அந்த 10 சதவீதம் எந்தத் தொகையின் மேல் என்பதை முதலில் பாருங்கள். மொத்தத் தொகையின் மேல் என்றால் உங்கள் 10 லட்சம் சரியாகப் பொருந்துகிறது. நேரடிச் செலவின் மேல் என்றால் 9 லட்சம்தான் கிடைக்கும். உங்கள் விகிதம் 11.1 சதவீதம் ஆகிவிடுகிறது. சிலர் துணை ஒப்பந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடச் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஆராய்ச்சி நிதித் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்குத் தரும் 25 சதவீதம் என்பதே அப்படித்தான். உங்கள் 90 லட்சத்தில் 30 லட்சம் துணை ஒப்பந்தம் என்றும் அதே விதி உங்களுக்கும் உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். 60 லட்சத்தில் 10 சதவீதம், அதாவது 6 லட்சம்தான் அனுமதி. மீதி 4 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும்.

அப்புறம், மற்ற நிறுவனங்களின் 15 சதவீதம். ஆண்டறிக்கையில் வருவது முழு நிறுவனத்தின் விகிதம். நிதி திரட்டும் செலவும் அதில் கலந்திருக்கலாம். ஒரு திட்டத்தின் விகிதத்தோடு அதை நேராக ஒப்பிட முடியாது. ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் உங்கள் அளவிலும் அதே வகை வேலையிலும் இருக்கும் சிலரின் கணக்கை எடுத்து, வாடகையையும் கணக்காளர் சம்பளத்தையும் அவர்கள் எந்தத் தலைப்பில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, உங்கள் கணக்கையும் அதே முறையில் மாற்றிப் பாருங்கள். அந்த எண் வரம்பை உயர்த்தக் கேட்கும் பேச்சுவார்த்தைக்கு உதவும். கையெழுத்தான பிறகு வரம்பை மீறியதற்கு அது நியாயமாகாது.

வரம்புக்குள் நுழைக்க, அலுவலகக் கணக்காளரைத் 'திட்ட அலுவலர்' என்று பெயர் மாற்றி எழுதாதீர்கள். தணிக்கையில் பணிநேரப் பதிவேட்டைக் கேட்பார்கள். பதிவேடு இல்லையென்றால் அந்தச் சம்பளம் நிராகரிக்கப்படும், பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், பொய்க் கணக்கு என்ற குற்றச்சாட்டும் வரலாம். இந்தத் திட்டத்துக்காக மட்டுமே செய்யும் தணிக்கைக் கட்டணம் போன்றவற்றை நேரடிச் செலவாகக் காட்ட ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால் தாராளமாகக் காட்டலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஒப்பந்தங்களில் வரம்பு பட்ஜெட்டின் மேல் அல்ல, உண்மையில் செலவானதன் மேல். நேரடிச் செலவு 75 லட்சத்தோடு நின்று, வரம்பும் அதன் மேல் என்றால் 7.5 லட்சம்தான் கோரலாம். அலுவலக வாடகையோ குறைந்திருக்காது. இந்த இரண்டு கேள்விகளையும், அதாவது எதன் மேல், பட்ஜெட்டா செலவா என்பதை, நிதி தருபவரிடம் எழுத்தில் கேட்டு, வரும் பதிலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அது வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.