சூப்பர்வாஷ் ஸ்வெட்டர் துவைத்ததும் ஏன் நீள்கிறது?

"சூப்பர்வாஷ் மெரினோ நூலில் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னினேன். பின்னும்போது 10 செ.மீ.க்கு 22 கண்ணி சரியாக வந்தது. கையால் அலசிக் கொடியில் போட்டேன். கை 2 அங்குலம் நீண்டுவிட்டது, உடம்பும் தொளதொள. லேபிளில் மெஷினில் போடலாம் என்று இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. கம்பளிமேல் பிளாஸ்டிக் பூசுகிறார்கள் என்கிறார்களே, அதுதான் காரணமா?"
– ஒரு வாசகி, டொராண்டோ

சூப்பர்வாஷ் என்பது மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பக்குவப்படுத்திய கம்பளி. அதில் பூச்சு உண்டு, அதற்கும் இந்த நீட்சிக்கும் தொடர்பும் உண்டு. ஆனால் ஸ்வெட்டர் கெட்டுப்போகவில்லை, பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கும். எல்லாம் இழையின் நுனியைப் பார்த்தே நிற்கும். அதனால் இழை ஒரு பக்கமாக எளிதில் நகரும், மறுபக்கம் திரும்பி வராது. சோப்பு நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி மாட்டிக்கொள்ளும். துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. சாதாரணக் கம்பளியை மெஷினில் போட்டால் பொம்மைச் சட்டையாக வெளியே வருவது இதனால்தான்.

இதைத் தடுக்க அதிகம் பயன்படும் முறைக்குக் குளோரின்–ஹெர்கோசெட் என்று பெயர். ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. வளர்த்தெடுத்தது. நூலாகத் திரிப்பதற்கு முன்பே, சீவிய கம்பளியை வரிசையாகத் தொட்டிகளில் விட்டு எடுப்பார்கள். முதல் தொட்டியில் அமிலம் கலந்த குளோரின். அது செதிலின் விளிம்பை மழுக்கும், இழையின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தையும் நீக்கும். மிச்சக் குளோரினை முறித்து, அலசி, அப்புறம்தான் பிசின் தொட்டி. அந்தப் பிசின் நைலானுக்கு உறவான ஒரு பாலிமர். 100 கிராம் கம்பளிக்குச் சுமார் 2 கிராம்தான் ஏறும். கொழுப்பு போய்விட்டதால் அது இழைமேல் சீராகப் படரும். தண்ணீர் பட்டால் உப்பிச் செதில்களை மூடி, இழைகள் ஒன்றையொன்று பற்றாமல் விலக்கி வைக்கும். (குளோரின் கழிவு நீரைக் கெடுக்கிறது என்பதால் வேறு முறைகளும் வந்துவிட்டன. லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்று மட்டும் இருந்தால் எந்த முறை என்று தெரியாது.)

உங்கள் கையில் நூல் வழவழப்பாக, லேசான பளபளப்போடு ஓடியிருக்குமே, அது இந்த வேலையின் விளைவு. வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு சொட்டுத் தண்ணீரை வையுங்கள். சாதாரணக் கம்பளியில் முத்தாக உருண்டு நிற்கும். சூப்பர்வாஷில் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். இங்கேதான் உங்கள் சிக்கல். நீரைக் குடித்துக் கனத்துப்போன ஸ்வெட்டர், கண்ணிகளைப் பிடித்து நிறுத்தச் செதிலின் பிடியும் இல்லை. கொடியில் தொங்கினால் தன் கனத்திலேயே இழுபடும்.

மீட்க இப்படிச் செய்யுங்கள். ஸ்வெட்டரை நனைத்து, வலைப்பையில் போட்டு மெஷினில் பிழியுங்கள். லேபிள் டிரையரை அனுமதித்தால், குறைந்த சூட்டில் ஒரு துவாலையோடு ஓட்டுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கையின் நீளத்தை அளந்து பாருங்கள். சுற்றும்போது நீண்ட கண்ணிகள் மறுபடி கூடி வரும். லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து, அளவுக்குத் தட்டிச் சமமாகப் பரப்பி உலர்த்துங்கள். நூலில் அல்பாகா கலந்திருந்தால் டிரையர் வேண்டாம், அந்த இழைக்கு இந்தப் பாதுகாப்பு இருக்காது.

இனித் துவைக்க, உள்பக்கம் வெளியே திருப்பி, கம்பளிக்கான மென்மையான சுற்றில் 30 டிகிரி போதும். சோப்பில்தான் கவனம் வேண்டும். கறை நீக்க என்சைம் கலந்த துணிப் பவுடர்கள் புரதத்தைக் கரைப்பவை, கம்பளியும் புரதம்தான். பூச்சு மெல்லியது, அதைத் தடுக்காது. குளோரின் பிளீச் கூடவே கூடாது. கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பை வாங்குங்கள்.

அடுத்த ஸ்வெட்டருக்கு, மாதிரித் துண்டைத் துவைத்து, டிரையரில் போடுவதானால் அதையும் செய்து, காய்ந்த பிறகு எண்ணுங்கள். 80 செ.மீ. மார்புக்கு 22 கண்ணிக் கணக்கில் 176 கண்ணி போடுவீர்கள். துவைத்தபின் அதுவே 20 ஆகத் தளர்ந்தால் ஸ்வெட்டர் 88 செ.மீ. ஆகிவிடும், 160 கண்ணியில் தொடங்கியிருக்க வேண்டும். வரிசைகளையும் அப்படியே எண்ணுங்கள், கை நீள்வது அங்கேதான் தெரியும். இன்னொன்று: நூல் முனைகளை ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்து ஒட்டும் பழக்கம் இருந்தால், இந்த நூலில் அது பிடிக்காது. முனையை ஊசியால் கோத்து, சற்று நீளமாகவே உள்ளே விடுங்கள். வழவழப்பான நூல் குட்டையாக வெட்டினால் நழுவி வெளியே வந்துவிடும்.