பூவா தலையா: முதல் தலை இரட்டைப்படையில் விழ என்ன வாய்ப்பு?

அஸ்தம்பட்டி, பிளஸ் டூ மாணவி: தலை விழுற வரைக்கும் சுண்டணும். முதல் தலை 2, 4, 6னு இரட்டைப்படைத் தடவையில வர நிகழ்தகவு என்ன சார்? பாதின்னு போட்டேன், விடையில 1/3னு இருக்கு.

விடை சரிதான்மா. இரண்டாவது தடவையில் முதல் தலை வர வேண்டுமானால் முதலில் பூ, அப்புறம் தலை: 1/2 × 1/2 = 1/4. நாலாவதில் வர, வரிசையாக மூன்று பூ விழுந்து பிறகு தலை: 1/16. ஆறாவதில் 1/64. ஒரு இரட்டைப்படையிலிருந்து அடுத்ததற்குப் போக நடுவில் இன்னும் இரண்டு பூ விழ வேண்டியிருப்பதால், ஒவ்வொரு உறுப்பும் முந்தையதில் கால் பங்காகிறது. இது முடிவில்லாப் பெருக்குத் தொடர். முதல் உறுப்பு 1/4, பொது விகிதமும் 1/4. பத்தாம் வகுப்பிலேயே பார்த்த a/(1 − r) போதும்:

(1/4) ÷ (3/4) = 1/3

பாதி என்று தோன்றுவதற்குக் காரணம், ஒற்றைப்படை எண்களும் இரட்டைப்படை எண்களும் மாறி மாறி வருவது. ஆனால் முதல் தடவை ஒன்றே மொத்த வாய்ப்பில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மிச்சப் பாதியைத்தான் மற்ற தடவைகளெல்லாம் பங்கு போட வேண்டும். ஒவ்வொரு இரட்டைப்படைக்கும் முன்னால் ஒரு ஒற்றைப்படை நிற்கிறது, அதன் பங்கு எப்போதும் இரு மடங்கு: 1/4க்கு முன்னால் 1/2, 1/16க்கு முன்னால் 1/8. ஜோடிக்கு ஜோடி 2:1 என்றால் மொத்தமும் 2:1 தான்.

கருப்பூர், கல்லூரி மாணவர்: அதே சூத்திரம்தான் போட்டேன், எனக்கு 4/3 வருதே?

1ஐத் தாண்டிய நிகழ்தகவு கிடையாது, அதனால் தப்பு எங்கேயோ இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். நீங்கள் a இருக்க வேண்டிய இடத்தில் 1 போட்டிருப்பீர்கள். 1 + 1/4 + 1/16 என்று போகிற தொடரின் கூட்டல்தான் 4/3. நம்முடையது 1/4இல் தொடங்குகிறது.

இந்தத் தப்பு பரவாயில்லை, தானே காட்டிக்கொடுத்துவிடும். மாட்டாத தப்புதான் ஆபத்து. a = 1/2 என்று தொடங்கினால் 2/3 வரும், அது ஒற்றைப்படைக்கான விடை. r = 1/2 என்று போட்டால் 1/2 வரும், பார்க்க நியாயமாகவே இருக்கும். அதனால் கையால் நாலு உறுப்பு கூட்டிப் பாருங்கள்: 0.25, 0.3125, 0.3281, 0.3320. ஒவ்வொரு உறுப்பு சேரும்போதும் 1/3க்கு உள்ள இடைவெளி கால் பங்காகச் சுருங்குகிறது. இந்த வரிசை பாதிக்கு எட்டாது என்பது மூன்றாவது எண்ணிலேயே புரிந்துவிடும்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தொடரே வேண்டாமே. முதலில் பூ விழுந்தால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. விடை x என்றால் x = x/2. ஆனால் பூஜ்யம் வருகிறது, எங்கே இடிக்கிறது?

யோசனை அருமை சார், ஒரு படிதான் விட்டுப்போனது. பூ விழுந்ததும் ஆட்டம் புதிதாகத் தொடங்குவது உண்மை. ஆனால் ஒரு தடவை ஏற்கெனவே போய்விட்டது. பழைய எண்ணிக்கையில் இரட்டைப்படை என்றால், புது எண்ணிக்கையில் அது ஒற்றைப்படை. எனவே வலப்பக்கம் x இல்லை, 1 − x:

x = (1/2)(1 − x)

3x = 1, x = 1/3. இரண்டு தடவையாகத் தாண்டினால் மாற்றவே வேண்டாம்: x = 1/4 + x/4. அதே விடை.

அவரே மீண்டும்: 1 − x என்றால், ஒற்றை இல்லாவிட்டால் இரட்டை என்று வைத்துக்கொள்கிறீர்கள். தலையே விழாமல் பூவாகவே போனால்?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். n தடவையும் பூவே விழ வாய்ப்பு 1/2ⁿ. 10 தடவைக்கு 1/1024, 20 தடவைக்குப் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. எவ்வளவு சிறிய எண்ணைச் சொன்னாலும் அதற்குக் கீழே போய்விடுவதால் அதன் நிகழ்தகவு பூஜ்யம். 1/3 + 2/3 = 1 என்று கணக்கு நேராவதும் அதனால்தான்.

அவரே: நடக்கக்கூடிய ஒன்றுக்குப் பூஜ்யம் என்பதை மனசு ஏற்கவில்லை.

நிகழ்தகவு பூஜ்யம் என்பதும் நடக்கவே நடக்காது என்பதும் ஒன்றில்லை சார். அதற்கு மேல் இந்தக் கூட்டலுக்குத் தேவையில்லை, மிச்சத்தை நேரில் சண்டை போடலாம்.

கோரிமேடு, ஒரு அம்மா: ஏற்காடு போகும்போது ஜன்னல் சீட்டுக்குப் பெரியவனும் சின்னவளும் மாறி மாறி சுண்டுவாங்க, முதல்ல தலை போட்டவங்களுக்கு சீட்டு. எப்பவும் பெரியவன்தான் முதல்ல. காசை மாத்தினா சரியாகுமா? அடிவாரம் வர்றதுக்குள்ள முடியணும், 10 தடவைக்கு மேல விடமாட்டேன்.

பாப்பா ஏமாந்துகொண்டிருக்கிறாள். அவள் சுண்டுவதெல்லாம் இரட்டைப்படை, அவளுக்கு 1/3தான். காசை மாற்றினாலும் தீராது. பூ விழும் வாய்ப்பு q என்றால் அவள் பங்கு q/(1 + q). பூப்பக்கம் சாய்ந்த காசு, q = 0.6 என்றால் 0.375. q = 0.9 ஆனாலும் 0.474தான். q ஒன்றைத் தொடாதவரை பாதி வராது.

10 தடவை வரம்பு கணக்கை அதிகம் கெடுக்கவில்லை: 1024இல் 682 பங்கு பெரியவனுக்கு, 341 பாப்பாவுக்கு, 1 பங்கு யாருக்கும் இல்லாமல். வரம்பை 5 என்று வைத்துவிடாதீர்கள். கடைசித் தடவையும் பெரியவனுடையதாகி, 32இல் 21 அவனுக்கு, 10 அவளுக்கு என்று இன்னும் மோசமாகும்.

சரிசெய்ய வழி சுலபம். ஒரே தடவை சுண்டுங்கள்: தலை என்றால் அவன், பூ என்றால் அவள். மாறி மாறி சுண்டினால்தான் குஷி என்றால், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது அவன் தொடங்கட்டும், இறங்கும்போது அவள். ஒரு பயணத்தில் சமமில்லை, போக வர சேர்த்தால் சமம்.

ஏற்காடு, கடைக்காரர்: 10 தடவை சுண்டினா தலை இரட்டை எண்ணிக்கையில விழ பாதி வாய்ப்புன்னு எங்க பையன் சொல்றான். நீங்க 1/3ங்கறீங்க?

பையன் சொன்னது சரி, ஆனால் அது வேறு கேள்வி. அவன் மொத்தம் எத்தனை தலை என்று எண்ணுகிறான். நாம் முதல் தலை எத்தனையாவது தடவையில் என்று பார்க்கிறோம்.

ஆத்தூர், கணக்கு ஆசிரியை: வகுப்பில் 30 பேரைச் சுண்ட வைத்தேன். 14 பேருக்கு இரட்டைப்படை. 10 வந்திருக்க வேண்டாமா?

30 பேருக்குத் திட்டவிலக்கம் √(30 × 1/3 × 2/3), ஏறக்குறைய 2.6. 14 என்பது அதில் ஒன்றரை மடங்கு தள்ளி இருக்கிறது, தற்செயலாகவே வரக்கூடியதுதான். ஆனாலும் மாணவர்கள் எழுதியதை ஒருமுறை புரட்டுங்கள். சிலர் எத்தனையாவது தடவை என்று எழுதாமல், தலைக்கு முன் எத்தனை பூ என்று எழுதிவிடுவார்கள். முதலிலேயே தலை விழுந்தவர் 1க்குப் பதில் 0 போடுவார், அது இரட்டைப்படைக் கணக்கில் ஏறிவிடும். வகுப்பு முழுக்க அப்படி எழுதினால் சராசரியாக 20 வரும், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் என்றால் உங்கள் 14 போல நடுவில் நிற்கும். பட்டியலில் ஒரு 0 கண்ணில் பட்டாலே அந்தத் தாளை எழுதியவரைக் கூப்பிட்டு எப்படி எண்ணினார் என்று கேளுங்கள். 0 எதுவும் இல்லையென்றால் இன்னொரு வகுப்பையும் சுண்ட வைத்துச் சேர்த்துப் பார்ப்பதைத் தவிர, 30 பேரை வைத்து இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.